மூவாயிரத்துக்கு அந்தப் பக்கம்

வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த அன்று வில்பிரட்டின் வீட்டில் இழவு வீட்டு அமைதி நிலவியது. எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்த மனிதன், கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் கடிதத்தின் இரண்டாவது பாராவில் சம்பளம் என்று ஒரு தொகை இருந்தது. அதைப் படித்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடிப்படைச் சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு, பஞ்சப்படி அறுநூறு, வீட்டு வாடகைப் படி நானூறு, நகர ஈட்டுப் படி நூறு. ஆக மொத்தம் இரண்டாயிரத்து அறுநூறு. குரோம்பேட்டையில் மூடிப்போன பழைய கம்பெனியில் அவன் கடைசியாக வாங்கியது இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. பதினான்கு வருஷம் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்று, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பீஸைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்ட தர ஆய்வாளன் அவன். இப்போது அவனையே யாரோ அளந்து பார்த்து, நூற்றைம்பது ரூபாய் குறைகிறது என்று சொல்லிவிட்டார்கள். கழிவுப் பெட்டியில் போடாதவரை கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உண்மையில் அவன் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பான். காரணம், சம்பளத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. அவன் மனைவி ஹில்டாவுக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் வைத்துவிட்டுப் போன சீதனம். அவள் நர்சரி பள்ளி வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் கே.கே. நகர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், பெரிய இடத்துக்கு எழுதி அனுப்புகிறோம், செலவு ஈ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பழைய கம்பெனி மூடுகிறவரை கட்டிய சந்தாவுக்கு டிசம்பர் கடைசி வரைதான் வைத்தியம். புது வேலையில் சேர்ந்து அங்கேயும் ஈ.எஸ்.ஐ. பிடித்தால்தான் ஜனவரியில் ஹில்டாவுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். இல்லையென்றால் சொந்தச் செலவு. வீட்டை விற்றாலும் போதாது. வீடோ, ராஜகீழ்ப்பாக்கத்தில் நாலு போர்ஷன் கட்டி விட்டிருக்கிற கங்கையம்மாளுடையது.

"பேசாம சைன் பண்ணிடறேன்" என்றான்.

"பண்ணுங்க. ஆனா கேட்டுட்டுப் பண்ணுங்க" என்றாள் ஹில்டா. பேச்சுக்கு நடுவே ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் வாக்கியங்களுக்கு நடுவே ஒரு படி வைத்துத்தான் ஏறினாள். "பழைய சம்பளத்துக்கும் குறைச்சலா? இன்னிக்கு வாயை மூடிட்டுப் போனீங்கன்னா, அப்புறம் வருஷா வருஷம் இந்த ரெண்டாயிரத்து அறுநூறு மேலதான் அஞ்சும் பத்தும் ஏத்துவாங்க. கேக்க வேண்டிய நேரம், அவங்க வான்னு கூப்பிட்டதுக்கும் நாம வரேன்னு சொல்றதுக்கும் நடுவுலதான்."

"கேட்டு, போடான்னுட்டா?"

"மரியாதையா ஒரு தடவை கேட்டதுக்கு யாரும் போடான்னு சொல்ல மாட்டாங்க. எப்படிக் கேக்கறோம்ங்கறதுல இருக்கு."

ஒரு வாரத்துக்குள் நகலில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும் என்றிருந்தது கடிதம். ஆகவே மறுநாள் மத்தியானமே ஒத்திகை ஆரம்பமானது. வெளியே கார்த்திகை மழை. ஹில்டா நாற்காலியில் சாய்ந்து, தலையணை ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"முதலாளின்னா தொப்பை வேணாமா? போய்க் கதவைத் தட்டிட்டு வாங்க."

வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தான். பக்கத்துப் போர்ஷன்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, "மே ஐ கம் இன் சார்?" என்று கேட்கிற ஆம்பளையைப் பற்றி அவள் என்ன நினைத்திருப்பாளோ.

"வாங்க மிஸ்டர் வில்பிரட். என்ன விஷயம்?"

"சார், வீட்டு வாடகையை ஏத்திட்டாங்க சார்..."

"அப்படின்னா கங்கையம்மா கிட்டல்ல போய் அழணும்? நான் என்ன உங்க ஹவுஸ் ஓனரா?"

வில்பிரட் மறுபடி தட்டக் கதவுப் பக்கம் திரும்பினான்.

"நம்ம கஷ்டம் அவருக்கு எதுக்குங்க? உங்களால அவருக்கு என்ன ஆகும்னு சொல்லுங்க. இன்டர்வியூவுல என்ன சொன்னாரு?"

"கார் கம்பெனிக்கு சாம்பிள் அனுப்பினாங்களாம். ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சாம். அப்புறம் ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வாங்கணும்னாரு. ரெண்டும் நான் பழைய கம்பெனியில பாத்த வேலைதான்."

"அதான் உங்க பேச்சு. முதல்ல தேங்க்ஸ் சொல்லுங்க. சேரத்தான் போறேன்னு முதல்லயே சொல்லிடுங்க. அப்பத்தான் அவர் மிரளாம கேப்பாரு. அப்புறம் வேலையைப் பத்தி ரெண்டு வார்த்தை. அப்புறம் ஒரே ஒரு தொகை. 'ஏதாச்சும் பாத்துப் போட்டுக் குடுங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அம்பது ரூபா போட்டு அனுப்பிடுவாரு. தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அவர் பேசற வரைக்கும்."

"அவரும் பேசலைன்னா?"

"ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உக்காந்திருங்க. எனக்கென்ன." அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரமானது. தலையணை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்துத் தட்டி மறுபடி அவள் மடியில் வைத்தான்.

"முடியாதுன்னுட்டா?" என்று கேட்டான், அவள் மூச்சு நிதானப்பட்டதும்.

"'பரவாயில்ல சார், சேர்றேன். ஆறு மாசம் என் வேலையைப் பாத்துட்டு ஒரு தடவை யோசிங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. கதவை நாம சாத்தக் கூடாது." பிறகு தொப்பையை விலக்கி வைத்துவிட்டு, முதலாளி வேஷத்தைக் களைந்து, ஹில்டாவாகவே சொன்னாள்: "ஒண்ணு மட்டும். என்னைப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் நெஞ்சு அந்த ஆள் மேஜை மேல வரக் கூடாது. பாவம்னு போட்ட சம்பளத்துல சோறு இறங்காதுங்க. அதுவுமில்லாம, பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னு தெரிஞ்சா, இவன் லீவு போட்டே நம்மளைக் கொல்லுவான்னு நினைப்பாரு."

"சரி."

"மூவாயிரத்து நூறு கேளுங்க. கொஞ்சம் குறைச்சுத்தான் குடுப்பாரு." யோசித்தாள். "ஏங்க, ஈ.எஸ்.ஐ.க்கு மூவாயிரம்தானே எல்லை? அதைத் தாண்டினா கிடையாதும்பாங்களே?"

"அது பேசிக்கும் பஞ்சப்படியும் மட்டும் சேத்து. பி.எஃப். கணக்கு மாதிரிதான். எவ்வளவு ஏத்தினாலும் நம்மளுது மூவாயிரத்தைத் தொடாது" என்றான் வில்பிரட்.

எந்தப் பீஸையும் அளக்காமல் பாஸ் பண்ணியதில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவன் அவன். இந்த ஒன்றை அளக்கவில்லை. பழைய கம்பெனியில் பி.எஃப். அப்படித்தான் பிடித்தார்கள், ஆகவே ஈ.எஸ்.ஐ.யும் அப்படித்தான் என்பது அவனுடைய ஞானம். யாரையும் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல, தானாக முளைத்தது.

சாயங்காலம் ஜெயவேலு வந்தான். பழைய கம்பெனியில் லேத்து மெஷினில் நின்றவன். இப்போது திருமுடிவாக்கத்தில் அதே முதலாளியிடம் இருக்கிறான். வில்பிரட்டைப் பற்றி அங்கே சொல்லி வைத்ததும் அவன்தான்.

"மச்சான், கெஞ்சிகினு நிக்காத. கிண்டி கம்பெனி ஒண்ணு நாலாயிரத்துக்கு கூப்டுதுன்னு ஒரு போடு போடு. ஆளு அப்டியே ஆடிப்பூடுவான்."

"'சந்தோசம், அங்கயே போயிடு'ன்னு சொல்லிட்டா?" என்றாள் ஹில்டா.

ஜெயவேலு தலையைச் சொறிந்தான். "அது ஒரு பேஜாருதான் தங்கச்சி."

"இல்லாத கம்பெனியில போய் இவர் எப்படி வேலை செய்வாருண்ணா? நீங்க காபி குடிங்க."

மறுநாள் காலை ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தான். இதுவும் ஹில்டாவின் ஏற்பாடு. எழுதிக் கேட்டால் ஆபீசில் நாலு பேர் படிப்பார்கள், போனில் கேட்டால் முடியாது என்று வைத்துவிடுவது சுலபம், நேரம் மட்டும் கேளுங்கள் என்றாள். முதலாளி பத்ரிநாராயணன் மறுநாள் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்.

தாம்பரம் போய், பல்லாவரம் போய், குன்றத்தூர் ரோட்டில் இன்னொரு பஸ் பிடித்து, தொழிற்பேட்டை வாசலில் இறங்கியபோது பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. தகரக் கூரைகள்மேல் மழை கொட்டியது. ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் பிரஸ் அடிக்கிற சத்தம் வந்தது. எட்டு மாதமாகக் கேட்காத சத்தம். எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த அந்த நாற்றத்தை ஒரு நிமிஷம் நின்று முகர்ந்தான். பிரியாணி வாசனைக்குக்கூட அவன் இப்படி நின்றதில்லை.

பத்ரிநாராயணனுக்குத் தொப்பை இல்லை. ஒல்லியான மனிதர். நெற்றியில் மெல்லிய கோடாக ஒரு ஸ்ரீசூர்ணம். ஒத்திகையில் பாதி அந்த இடத்திலேயே வீணாகிவிட்டதாக வில்பிரட்டுக்குத் தோன்றியது.

"உட்காருங்க மிஸ்டர் வில்பிரட். லெட்டர் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். ரொம்ப நன்றி. உங்க கம்பெனியில சேரணும்னு முடிவு பண்ணிட்டேன். ஒண்ணாம் தேதி வந்துடறேன்." மூச்சு விட்டுக்கொண்டான். "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசலாமா சார்?"

"சொல்லுங்கோ."

"அந்த கார் கம்பெனி சாம்பிள் பத்திச் சொன்னீங்க. போன தடவை நீங்க காட்டின ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பாத்தேன். உள்துளையோட போர் அளவுலதான் கோளாறு, ஆனா அதை அளக்கற கேஜே தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். வந்த உடனே அந்த வேலையைத்தான் எடுப்பேன். ஐ.எஸ்.ஓ.வுக்கான இன்ஸ்பெக்‌ஷன் பேப்பரெல்லாம் பழைய கம்பெனியில நானே போட்டிருக்கேன். வெளியில ஆள் வெக்க வேண்டியிருக்காது. அதையெல்லாம் பாத்து, சம்பளத்தை மூவாயிரத்து நூறாப் பண்ணிக் குடுக்க முடியுமான்னு கேக்கலாம்னு வந்தேன் சார்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அந்த மௌனம் இருக்கிறதே, அதை அவன் செத்தாலும் மறக்கமாட்டான். மின்விசிறி சுற்றியது. சுவரில் தாயார் சமேதராகப் பெருமாள் அவனையே பார்த்தார். நாக்கின் நுனியில் 'இல்லன்னாலும் பரவாயில்ல சார்' என்ற வாக்கியம் வந்து நின்று, இறங்க ஸ்டாப்பிங் கேட்டுக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

பத்ரிநாராயணன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கூட்டினார், கழித்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"நேரா வந்து மரியாதையாக் கேட்டீர். எனக்குப் பிடிச்சிருக்கு. மூவாயிரத்து ஐம்பது. சரிதானே?"

மூவாயிரம் என்று முழுசாக நிறுத்தாமல் இன்னும் ஐம்பதையும் போட்டுத் தருகிறாரே, இது மனுஷனா, மகானா? "ரொம்ப சந்தோஷம் சார். தேங்க்யூ சார்" என்றான். புதிய தொகையைக் கடிதத்தில் கேட்டு வாங்காமல் வரக்கூடாது என்று ஹில்டா சொன்னது ஞாபகம் வந்தது. கேட்பதற்குள் அவரே மணியை அழுத்தி, டைப்பிஸ்டிடம் பழைய கடிதத்தைக் கொடுத்து, தொகையை மாற்றி வேறு அடிக்கச் சொல்லிவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப்ரைட்டர் சடசடக்கத் தொடங்கியது. வில்பிரட்டுக்கு அது கல்யாண மேளம் மாதிரி கேட்டது. மனசுக்குள் அவன் அப்போதே வீட்டுக்குப் போய், ஹில்டாவின் நாற்காலிக்கு எதிரே நின்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கும் கௌரவம்" என்றார் பத்ரிநாராயணன், காபியை அவன் பக்கம் நகர்த்தியபடி. "மூவாயிரத்தைத் தாண்டியாச்சு. இனிமே ஆபீசர் மாதிரி. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி க்யூவுல போய் நிக்க வேண்டாம்."

"ஈ.எஸ்.ஐ... பேசிக் கணக்குதானே சார்?"

"யார் சொன்னா? பி.எஃப்.க்குத்தான் பேசிக்கும் டி.ஏ.வும். ஈ.எஸ்.ஐ.க்கு வாடகைப் படி எல்லாத்தையும் கூட்டியாகணும். மொத்தம் மூவாயிரத்தைத் தாண்டித்துன்னா நீங்க அதுல கிடையாது. எனக்கும் என் பங்கு நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் மிச்சம். அதையும் சேத்துத்தானே உங்களுக்கு ஏத்தினேன்." அவர் ஒளிக்கவில்லை. நல்ல வியாபாரி, கணக்கை வெளியே வைத்துத்தான் பேசினார்.

டைப்ரைட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

வில்பிரட்டின் கையில் காபி டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. மாதம் நானூற்றைம்பது ரூபாய் கூட. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தொடக்கூட ஆகாது. அவ்வளவு அழகாகக் கேட்டு, அவ்வளவு மரியாதையாக வாங்கி, ஹில்டாவை ஆஸ்பத்திரிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறான். அவளே கேட்டாள், எல்லை மூவாயிரம்தானே என்று. இவன்தான் மேதாவி.

"சார், அந்த லெட்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா?"

பத்ரிநாராயணனின் புருவம் உயர்ந்தது. "ஏன்?"

"தப்பு என்னுது சார். மன்னிக்கணும். எனக்கு ஈ.எஸ்.ஐ. வேணும். அது இருக்கணும்னா மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. அதனால மூவாயிரமாவே வெச்சுக் குடுத்தீங்கன்னா போதும். இல்லன்னா அதுக்குக் கீழயே வெச்சு, மிச்சத்தை பஸ் செலவுன்னு..."

"நில்லுங்கோ. இப்பத்தான் ஜாஸ்தி வேணும்னீர். இப்போ கம்மி பண்ணுங்கறீர். சம்பளத்தைக் கம்மி பண்ணுன்னு கேட்டு என் சர்வீஸ்ல யாரும் வந்ததில்லை. என்னய்யா விஷயம்?"

வேறு வழி தெரியவில்லை. இயேசுவைத் தெரியாது என்று சொல்லி வாக்கை மீறியபோது பேதுருவுக்குச் சேவலாவது கூவியது. வில்பிரட்டுக்கு டைப்ரைட்டர்தான்.

"என் சம்சாரத்துக்கு ஹார்ட் வால்வு ஆபரேஷன் சார். ஈ.எஸ்.ஐ.யிலதான் ஆகணும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. டைப்பிஸ்ட் காது கொடுத்தாளோ, தாள் மாற்றினாளோ. பத்ரிநாராயணன் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அவர் முகத்தில் முதலில் வந்தது இரக்கம்தான். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்தது. எத்தனை நாள் லீவு? சாம்பிள் போகிற மாதத்திலா? ஹில்டா சொன்னது வரிக்கு வரி அங்கே ஓடுவதை வில்பிரட் பார்த்தான்.

"லீவு பத்தி உங்களுக்குக் கவலை வேண்டாம் சார். ஆபரேஷன் அன்னிக்கும் முதல் ஒரு வாரமும் மட்டும்தான். அவ தங்கச்சி வந்து பாத்துப்பா. சாம்பிளை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்." குரலை ஏற்றவில்லை, இறக்கவும் இல்லை. ஒத்திகையில் இல்லாத வசனம்தான், ஆனால் நிதானத்தை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

"லீவை விடுங்கோ" என்றார் அவர். "இந்த மூவாயிரத்துலதான் சங்கடம். ஃபோர்மன் சுப்ரமணியன் என்கிட்ட பத்து வருஷமா இருக்கார். இரண்டாயிரத்து எழுநூறு வாங்கறார். ஈ.எஸ்.ஐ.யில இருக்கிற எல்லாரும் ஒரே ரிஜிஸ்டர்லதான் கையெழுத்துப் போடணும். நேத்து வந்தவன் மூவாயிரம்னு அவர் பார்த்தார்னா நாளைக்கு எனக்கு ஃபோர்மன் கிடையாது. பஸ் செலவுன்னு எழுதினாலும் அதே பக்கத்துலதான் ஏறும். மூவாயிரத்துக்கு மேலன்னா ஸ்டாஃப் கணக்கு, தனி வவுச்சர், யாருக்கும் தெரியாது. அதான் அந்த ஐம்பது. புரியறதா?"

புரிந்தது. மகானும் இல்லை, மோசக்காரனும் இல்லை. ஷெட் நடத்துகிற மனிதர், அவ்வளவுதான்.

"அந்தப் பக்கம்னா மூவாயிரத்து ஐம்பது. இந்தப் பக்கம்னா பழைய லெட்டர். நடுவுல எனக்கு இடமில்லை. எதுன்னாலும் நீங்க வேலைக்கு வரலாம், அதுல மாத்தமில்லை. சொல்லுங்கோ."

கேட்டும் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஹில்டாவின் பாடம் அந்த அளவுக்குப் பலித்துவிட்டது. வில்பிரட் நகலை எடுத்து, இரண்டாயிரத்து அறுநூறு என்று அடித்திருந்த பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டான். எழுந்திருக்கும்போது, "ஆறு மாசம் என் வேலையைப் பாத்துட்டு ஒரு தடவை யோசிங்க சார்" என்றும் சொன்னான். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாமல் விடக் கூடாதல்லவா.

"பாக்கலாம்" என்றார் பத்ரிநாராயணன். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய்க் கடிதாசு போடுகிறோம் என்பார்களே, அந்தக் குரலில். ஆறு மாதம் கழித்து ஏற்றினாலும் ஃபோர்மனைத் தாண்டாமல்தான் ஏற்ற முடியும் என்பது இருவருக்கும் தெரியும்.

வாசலில் ஜெயவேலு கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். அதற்குள் சேதி அவனுக்குப் போயிருந்தது. அந்த ஷெட்டில் பிரஸ்ஸைவிட டைப்பிஸ்ட் வேகம்.

"இன்னா மச்சான் நீ! குடுத்தத வாணாம்னு சொல்ட்டு வர்ற?"

"மெதுவாப் பேசு. ஜெயவேலு, ஒரு உதவி பண்ணணும். வீட்ல சொல்லாதே."

"இன்னாத்த?"

"மூவாயிரத்து ஐம்பது குடுத்தார்னு. நான் வேணாம்னேன்னு."

"பின்ன இன்னா சொல்லணும்ன்ற?"

"நான் கேக்கவே இல்லைன்னு சொல்லு. பயந்துட்டேன்னு."

ஜெயவேலு மழையில் துப்பினான். "லூசுடா நீ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய லேத்து ஓடத் தொடங்கியது.

வில்பிரட் பஸ்ஸில் கணக்குப் போட்டான். 'கேட்டேன், முடியாதுன்னுட்டார்' என்றால் ஹில்டா பிடித்துக்கொள்வாள். என்ன கேட்டீங்க, எப்படிச் சொன்னீங்க, என்ன காரணம் சொன்னாரு என்று ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, கடைசியில் ஈ.எஸ்.ஐ.யில் வந்து நிற்பாள். அதற்கப்புறம் மாசா மாசம் சம்பளக் கவரைப் பார்க்கும்போதெல்லாம் தன் நெஞ்சின் விலை நானூற்றைம்பது என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் பயந்துபோய்க் கேட்கவில்லை என்றால் அவள் உடனே நம்புவாள். பதினோரு வருஷமாக அவள் பார்த்த வில்பிரட் அதுதானே. சொந்தக் கோழைத்தனம் ஒருவனுக்கு இவ்வளவு கை கொடுக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் வாசல் படியிலேயே நின்றிருந்தாள். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினான். அவள் கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தான். படித்தாள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே ஏதாவது ஏற்றிப் போட்டிருக்கிறார்களா என்று.

"கேட்டீங்களா?"

"வந்து... அவர் கொஞ்சம் பிஸியா இருந்தாரு..."

"நீங்க கேக்கவே இல்ல. அப்படித்தானே?"

"வாய் வரல ஹில்டா."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் தொப்பையோடு உட்கார்ந்து, மூச்சைச் செலவழித்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவளோ தட்டை எடுத்து வைத்து, ஆறிப்போன சோற்றைப் போட்டு, "ஒண்ணாம் தேதி சேர்றதுக்குச் சட்டை இஸ்திரி போடணும்" என்றாள். "அங்க ஈ.எஸ்.ஐ. உண்டுதானே? அதையாவது கேட்டீங்களா?"

"உண்டு. அதைக் கேட்டுட்டேன்."

"அதையாவது கேட்டீங்களே" என்றாள். நிஜமாகவே பெருமூச்சு விட்டாள். ஆறுதலா, அலுப்பா என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவன் சாப்பிட்டான். சோறு இறங்கியது. அதுவே அவனுக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஜெயவேலு வந்தான். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான். சொன்ன உதவியைக் கொஞ்சம் தாராளமாகவே செய்தான்.

"தங்கச்சி, உன் வூட்டுக்காரன் ரூமுக்குள்ள நின்ன நெலமைய நீ பாக்கணுமே! கையக் கட்டிகினு, பல்லக் காட்டிகினு... பூனை கணக்கா. நான் கண்ணாடி வழியா பாத்துனு இருந்தேன். ஒரு வார்த்த கேக்கல. காபி குடுத்தாங்கோ, குடிச்சிட்டு வந்துட்டான். எனக்கே வெக்கமாப் பூட்ச்சி."

போதும் என்று வில்பிரட் கண்ணைக் காட்டினான். ஜெயவேலு பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் வேண்டுமென்றே, அன்று துப்பிய துப்பலின் மிச்சத்தையும் சேர்த்து இறக்கினான். "ஆம்பள இன்னா ஆம்பள..."

"அண்ணா" என்றாள் ஹில்டா.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முகம் வெளுத்து, உதட்டோரம் நீலம் ஏறியிருந்தது. "என் எதிர்ல அவரை அப்படிப் பேசாதீங்க." ஒரு மூச்சு. "பொண்டாட்டி சாவக் கிடக்கறப்போ, இருக்கற வேலையையும் இழந்துடக் கூடாதுன்னு..." இன்னொரு மூச்சு. "பயந்துட்டாரு. அதுல என்ன தப்பு? நான்தான் தப்பு. நான்தான் போய்க் கேளு கேளுன்னு அந்த மனுஷனை..."

மேலே முடியாமல் நின்றாள். ஜெயவேலு தலையைக் குனிந்துகொண்டான். வில்பிரட் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். இல்லை ஹில்டா, நான் கேட்டேன், நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டேன், நீ சொன்ன மாதிரியே வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த மனுஷன் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும்போல் நெஞ்சு வரைக்கும் வந்தது.

"பேசாதே. மூச்சு வாங்குது பாரு" என்று மட்டும் சொன்னான்.

அவள் அவன் கையை விடவில்லை.